ஜூலை மாத அறைக்கு என்ன வாடகை?

கொடைக்கானலில் ஜூலை மாதம் ஏரிக்கரையில் நின்றால் ஏரி தெரியாது. மூடுபனி வந்து படுத்துக்கொள்ளும். அப்படியொரு மாலையில் நண்பர் ஒருவரின் லாட்ஜில் உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் அவருக்குச் சொந்தமில்லை. 40 அறை கொண்ட கட்டடத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. மே மாதம் வந்தபோது அதில் ஆணிகள் மட்டும்தான் இருந்தன. இப்போது 16 சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு ரூமுக்கு என்ன அடக்கம் ஆகுதுன்னு போட்டுப் பார்த்தேன் சார். இப்ப வாங்குற 1800 கட்டாது. 2100 வெச்சாத்தான் கைக்கடி இருக்காது" என்றார். சொன்ன கையோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போட்டார். கணக்கில் கூட்டல், கழித்தல் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு அவரை நேராகப் பள்ளத்துக்கு இழுத்துச் செல்லும் என்பது எனக்கு உறுதி. இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசினோம். அவருடைய உண்மையான வரவு செலவை அச்சில் போடுவது முறையாகாது. அதனால் எண்களை மாற்றி, வாய்க்கணக்காகப் போடும்படி உருட்டித் தந்திருக்கிறேன்.

முதலில் செலவு. இது இரண்டு வகை. அறைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டியது ஒன்று: குத்தகை, நிரந்தர ஆட்களின் சம்பளம், காப்பீடு. இது ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, ஒரு அறையில் ஒருவர் ஓர் இரவு தங்கினால் மட்டுமே ஆகும் செலவு. விரிப்பு வெளுக்க, வெந்நீர் போட, காலைச் சிற்றுண்டி, புக்கிங் கமிஷன் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். அறை பூட்டிக் கிடந்தால் இந்த 600 ஆகாது.

அடுத்து, வருகிறவர்கள். ஏப்ரல், மே சீசனுக்கு 60 நாள். மிச்சம் 305 நாளும் ஆஃப் சீசன். (வார இறுதி, தீபாவளி, ஆண்டு முடிவு என்று உண்மையில் பல படிகள் உண்டு. கணக்கு புரிய இரண்டு படி போதும்.) சீசனில் 6000 ரூபாய் என்றாலும் 40 அறைக்கும் ஆள் வரும். அதிலிருந்து 100 ரூபாய் குறைக்கக் குறைக்க ஒவ்வோர் அறைக்குக் கூடுதலாக ஆள் தேடி வருவார்கள். ஆஃப் சீசனில் 1800 ரூபாய்க்கு 24 அறை போகும். 100 ரூபாய் குறைத்தால் இரண்டு அறை கூடும், ஏற்றினால் இரண்டு அறை குறையும்.

இப்போது நண்பரின் நோட்டு. ஆஃப் சீசனில் நாளுக்கு 24, சீசனில் நாளுக்கு 40 என்று ஆண்டில் 9,720 அறை‑இரவுகள் விற்கின்றன. 1 கோடியே 46 லட்சத்தை அதால் வகுத்தால் தலைக்குச் சுமார் 1500. அதோடு 600 சேர்த்தால் அடக்கம் 2100. "அடக்கத்துக்குக் கீழே விற்கக் கூடாது" என்று கடைத்தெருவில் நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம். எனவே ஜூலை வாடகையை 2100 ஆக்குகிறார். என்ன நடக்கும்? 24 அறை போய்க்கொண்டிருந்த இடத்தில் 18 போகும். விற்ற இரவுகள் குறைந்துவிட்டதால் அடுத்த ஆண்டு அதே குத்தகை குறைவான இரவுகள் மேல் ஏறும். அடக்கம் 2450 ஆகிவிடும். வாடகையை 2450 ஆக்கினால் 11 அறைதான் போகும். மறுபடி வகுத்தால் அடக்கம் 3100க்கும் மேலே. அந்த வாடகைக்கு ஜூலையில் ஒருவரும் வரமாட்டார்கள். மூன்றே மூன்று முறை ஒழுங்காகக் கணக்குப் போட்டு, ஆண்டில் பத்து மாதம் லாட்ஜைப் பூட்டியாகிவிட்டது.

பிழை எங்கே இருக்கிறது என்றால், "அடக்கம்" என்ற அந்த ஒற்றை எண்ணில். அந்த 1500 ரூபாய் ஜூலை விருந்தாளியால் வந்த செலவு இல்லை. அவர் வராமல் போனால் குத்தகையில் ஒரு பைசா குறையாது. அவர் வருகையால் உண்டாவது 600 மட்டும்தான். அதற்கு மேல் அவரிடமிருந்து வருவதெல்லாம் குத்தகைக்கு உதவி. ஆகவே ஜூலையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எந்த வாடகையில், 600 போக மிஞ்சும் மொத்தத் தொகை அதிகம்?

2100 வைத்தால் 18 அறையில் தலா 1500 மிச்சம், நாளுக்கு 27,000 ரூபாய். 1800 என்றால் 24 அறையில் தலா 1200, ஆக 28,800. அப்படியானால் இன்னும் குறைக்கலாமா? 1600க்கு இறக்கினால் நான்கு அறை கூடுதலாகப் போகும். அவற்றில் தலா 1000 மிஞ்சி 4000 ரூபாய் வரும். ஆனால் எப்படியும் 1800 கொடுத்திருக்கக்கூடிய 24 பேருக்கும் 200 ரூபாய் விட்டுக்கொடுத்திருப்போம். அதில் 4800 போயிற்று. அறைகள் கூடின, பணம் 800 குறைந்தது. நண்பர் தன் அனுபவத்தால் வைத்திருந்த 1800தான் அவருக்குச் சரியான வாடகை. 16 சாவிகள் பலகையில் தொங்குவது அவருடைய திறமைக் குறைவு இல்லை. 40ஐயும் நிரப்புவேன் என்று 1000 ரூபாய்க்கு இறக்கியிருந்தால் சாவிப்பலகை மே மாதம் போலவே இருந்திருக்கும். கையில் மிஞ்சுவது 16,000. கொடைக்கானலில் இரண்டு லாட்ஜ்காரர்கள் சந்தித்தால் "எத்தனை ரூம் போச்சு?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஆஃப் சீசனில் அந்தக் கேள்வி மனிதரைத் தவறான திசையில் ஓடவைக்கும்.

சீசன் கதை வேறு. அங்கே அறைக்குத்தான் பஞ்சம். ஆண்டு முழுக்க ஒரே ரேட் என்று நியாயமாக நடந்துகொள்ள நினைத்து மே மாதமும் 1800 வைத்தால் 40 அறைக்கு 82 பேர் நிற்பார்கள். 42 பேரைத் திருப்பி அனுப்பவேண்டும். எந்த 42 பேர்? முதலில் போன் செய்யாதவர், மேனேஜரைத் தெரியாதவர், வத்தலக்குண்டு சாலையில் வண்டி மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தவர். அதோடு முடியாது. 1800க்கு அறையைப் பிடித்து 5000க்குக் கைமாற்றிவிடும் புரோக்கர் வந்துவிடுவார். குடும்பம் கொடுப்பது எப்படியும் பெருந்தொகைதான். அது லாட்ஜின் குத்தகைக்குப் போகாமல் வாசலில் நிற்பவரின் பைக்குப் போகும்.

ஒரே ரேட்டில் இந்த லாட்ஜ் பிழைக்கவும் முடியாது. ஆண்டு முழுக்க 2000 வைத்தால் 600 போக மிஞ்சுவது 1 கோடியே 19 லட்சம். துணிந்து ஆண்டு முழுக்க 6000 என்று எழுதிப்போட்டு, வராத 305 நாளையும் சும்மா விட்டால் 1 கோடியே 30 லட்சம். எந்த ஒற்றை ரேட்டிலும் 1 கோடியே 46 லட்சம் தேறாது. 6000, 1800 என்று இரண்டாகப் பிரித்தால் 2 கோடியே 17 லட்சம் வருகிறது. அதில் 1 கோடியே 30 லட்சம் அந்த 60 நாளில் வருவது. மே மாதம் வருகிறவர்கள்தான் இந்தக் கட்டடத்தை ஆண்டு முழுக்கத் தாங்கி நிற்கிறார்கள்.

"சீசன்ல கொள்ளை அடிக்கிறான்னு திட்டாத ஆள் கிடையாது சார்" என்றார் நண்பர். எனக்கும் அந்தக் கோபம் இருந்ததுண்டு. குடும்பத்தோடு போய், இரவு ஒன்பது மணிக்கு விலை கேட்டுத் திகைத்தவன்தான் நானும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வியப்பான இடம் வருகிறது.

லாபமே வேண்டாம், ஊர் மக்கள் பயன்பட்டால் போதும் என்று நினைக்கும் ஒருவரிடம் இதே லாட்ஜைக் கொடுப்போம். அரசு நிறுவனம் என்றே வைத்துக்கொள்ளலாம். மே மாதம் அவர் என்ன வாடகை வைப்பார்? வரிசையும் புரோக்கரும் சிபாரிசும் வேண்டாம், யாருக்கு அறை அதிகம் தேவையோ அவருக்குப் போகட்டும் என்றால், 40 அறைக்கு 40 பேர் வரும் விலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. 6000! பேராசைக்காரருக்கும் தர்மவானுக்கும் அந்த மாதத்தில் ஒரே வாடகை. அறைகள் நிரம்பியபிறகு விலையைத் தீர்மானிப்பது முதலாளியின் மனம் இல்லை, கட்டடத்தின் அளவு.

வித்தியாசம் தெரிவது ஜூலையில்தான். தர்மவான் 16 சாவிகளைத் தொங்கவிடமாட்டார். காலியாக இருக்கும் அறைக்கு ஆகும் உண்மையான செலவு 600தான். எனவே 600க்கே கொடுக்க முனைவார். ஆனால் 600க்கு 48 பேர் வந்துவிடுவார்கள், இருப்பதோ 40. கூட்டமே இல்லாத காலத்தில் கூட்டம் வந்துவிட்டது! எனவே 1000க்கு ஏற்றி 40ஐயும் நிரப்பி நிறுத்துவார். நண்பர் வாங்குவது 1800. மலைவாசஸ்தலத்தில் முதலாளியின் விலை பலத்தைப் பார்க்கவேண்டுமானால் மே மாத ரசீதைப் பார்க்கக் கூடாது. காலி அறைகளுக்கு நடுவே விலை இறங்காமல் நிற்கும் ஜூலை ரசீதைப் பார்க்கவேண்டும். அந்த மாதம் யாரும் திட்டுவதில்லை.

இந்தச் சிக்கலை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் மார்செல் புவாத்தோ என்ற பிரெஞ்சுக்காரர். 1946இல் பிரான்சின் மின்சார நிறுவனங்கள் நாட்டுடைமை ஆயின. குளிர்கால மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கும் அடுப்பும் எரியும், கோடை இரவில் மின்நிலையங்கள் சும்மா நிற்கும். மின்சாரத்தைக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. அந்தக் குளிர்கால மாலைக்காகக் கட்டிய நிலையத்தின் கடனை யார் தலையில் கட்டுவது? 1949இல் புவாத்தோ எழுதிய கட்டுரையின் விடை சுருக்கமானது. நிலையம் நிரம்பாத நேரத்தில் மின்சாரம் எடுப்பவர் எரிபொருள் செலவை மட்டும் கொடுத்தால் போதும். நிலையத்தை நிரப்பி, இன்னொன்று கட்டவேண்டிய நிலைக்குத் தள்ளுபவர்தான் கட்டடச் செலவையும் சுமக்கவேண்டும். 1950களின் நடுவில் 'பச்சைக் கட்டணம்' என்ற பெயரில் பெரிய ஆலைகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. புவாத்தோ பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1957இல் அமெரிக்காவில் பீட்டர் ஸ்டைனர் இதே கணக்கில் இன்னொரு கண்ணியை விளக்கினார். மந்த நேர விலையை மிகவும் தாழ்த்தினால் கூட்டம் அந்த நேரத்துக்கு இடம்பெயர்ந்து, அதுவே உச்ச நேரம் ஆகிவிடும். அப்போது இரண்டு நேரத்தாரும் கட்டடச் செலவைப் பங்கிடவேண்டும். மேலே தர்மவான் 600ஐ விட்டு 1000க்கு வந்தது அதனால்தான்.

நம் ஊர் ஆலைகளுக்கு இது புதிதில்லை. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு உள்ள ஆலை காலை, மாலை உச்ச நேரங்களில் எடுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறது. பின்னிரவில் எடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. சூரிய மின்சாரம் வந்தபின் பள்ளமும் மேடும் இடம் மாறின. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, சூரிய ஒளி உள்ள நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்வாக இருக்கவேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் இரவு மட்டும்தான் மலிவு. இப்போது நண்பகல்.

லாட்ஜுக்குத் திரும்புவோம். நண்பருக்கு இன்னொரு யோசனை இருந்தது. "மே மாசம் 6000க்கு ஆள் நிக்குது சார். பின்னாடி இடம் இருக்கு. இன்னொரு ரூம் போட்டா நாளுக்கு 5400 மிஞ்சும்ல?" 60 நாளுக்கு மூன்றேகால் லட்சம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் 6000 என்பது 40 அறைக்கான விலை. 41 அறையை நிரப்ப 5900க்கு இறங்கவேண்டும். 41 அறையில் தலா 5300 மிஞ்சினால் நாளுக்கு 2,17,300. முன்பு 40 அறையில் மிஞ்சியது 2,16,000. புதிய அறை கொண்டுவருவது 1,300 ரூபாய்தான், 60 நாளுக்கு 78,000. மிச்சம் 305 நாளில் அதன் வருமானம் பூஜ்யம், ஏற்கெனவே 16 அறை சும்மா இருக்கிறதே! அறை கட்டிய கடனுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் ஆண்டுக்கு 78,000க்குள் அடங்கினால் கட்டலாம். அடங்காது என்று அவரே சொல்லிவிட்டார். அவருடைய லாட்ஜ் ஏரி தெரியும் இடத்தில் இருக்கிறது. அந்த ஜன்னலுக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு, அதனால் அவருக்கென்று ஒரு விலை இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் சிறு லாட்ஜ்களில் ஒன்றானால் ஓர் அறை கூடுவதால் விலை அசையாது. அங்கே 5400 கணக்கே பொருந்தும்.

அந்தத் தர்மவானிடம் இந்த 41ஆவது அறையைக் கேட்டால் வேறு பதில் வரும். சீசனில் அதில் தங்குபவருக்கு அது 5900 ரூபாய் பெறும், ஆகும் செலவு 600. ஆஃப் சீசனிலும் ஒருவர் 950 கொடுத்துத் தங்குவார். ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் பயன் என்று அவர் எண்ணுவார். அவருக்குக் கட்டவேண்டிய அறை, இவருக்குக் கட்டக்கூடாத அறை. மே மாத வாடகை இருவருக்கும் ஒன்றாக இருப்பது கட்டடம் 40 அறையோடு நிற்கும்வரைதான்.

விலை செய்யமுடியாததையும் சொல்லவேண்டும். "அறை அதிகம் தேவைப்படுபவருக்குப் போகும்" என்று எழுதினேன். உண்மையில் அது பணம் கொடுக்க முடிந்தவருக்குப் போகிறது. பள்ளி விடுமுறை மே மாதம்தான். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு ஜூலை மலிவு என்பது பயன் இல்லாத செய்தி. 6000 ரூபாய் வாடகையைப் பார்த்துப் பயணத்தை மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் புதுமணத் தம்பதிகளும், ஓய்வுபெற்றவர்களும், வாரநாளில் விடுப்பு எடுக்கக்கூடியவர்களும்தான். அவர்கள் மாறிப்போவதால் மே மாதத்தில் கொஞ்சம் இடம் உண்டாகிறது. பள்ளிக்கூட ஆசிரியருக்கு அந்த வழி இல்லை.

மலைச்சாலைக்கும் இதே கதைதான். சாலையின் அகலம் மாறாது, சீசனில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். அங்கே விலைவைத்துக் கூட்டத்தைக் குறைக்கும் வழியை யாரும் எடுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ‑பாஸ் வந்தது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். சாலை எல்லோருக்கும் பொது என்பதால் பணத்துக்குப் பதிலாக எண்ணிக்கை வந்தது எனக்குச் சரி என்றே படுகிறது. ஆனால் எண்ணிக்கை வைத்த இடத்தில், யார் முந்திப் பதிவு செய்தார் என்பதே தீர்ப்பாகிவிடும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே தூத்துக்குடியிலிருந்து ஒரு போன் வந்தது. சுற்றுலா நடத்துபவர். அடுத்த செவ்வாய், புதன் இரண்டு இரவு, 12 அறை, அறைக்கு 1100தான் கொடுக்க முடியும் என்றார். நண்பர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பழைய நோட்டின்படி அடக்கம் 2100, கண்டிப்பாக மறுக்கவேண்டும். புதிய கணக்கின்படி அந்த 12 அறையும் எப்படியும் பூட்டிக் கிடக்கப் போகின்றன. தலா 500 மிஞ்சும், இரவுக்கு 6000 ரூபாய். ஆபத்து ஒன்றே ஒன்று. அந்த விலை 1800 கொடுக்கும் 24 பேர் காதில் விழுந்து அவர்களும் 1100 கேட்டால் இரவுக்கு 16,800 போய்விடும்.

அவர் போனை மறுபடி காதில் வைத்தார். "செவ்வா, புதன் மட்டும்னா பரவால்ல அண்ணே. பத்து ரூமுக்குக் குறையக் கூடாது, பணம் முன்னாடியே போட்டுடணும். தனியா வர்றவங்களுக்கு இந்த ரேட்டு கிடையாது, யாருட்டயும் சொல்லிடாதீங்க." பிறகு எழுந்து பலகையிலிருந்து பின்பக்க அறைகளின் 12 சாவிகளை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.